காலரும் புல் ஸ்பிரெட்டும் ஒன்றுதானா? ஷேர் கையில் இருப்பவருக்கு ஒரு முழுக் கணக்கு

*"அண்ணா, காட்பாடியில இருக்கேன். ஒரே கம்பெனி ஷேர் 500 இருக்கு. அப்பா 2019ல 200 ரூபாய்க்கு வாங்கி வச்சது, இப்போ ஆயிரம் கிட்ட இருக்கு. விக்க மனசில்லை, ஆனா விழுந்துடுமோன்னு பயம். காலர் போடலாம்னு பார்த்தேன். ராணிப்பேட்டை நண்பர் ஒருத்தர், 'ரெண்டும் ஒண்ணுதான், புல் ஸ்பிரெட் போடு, மார்ஜின் கம்மி'ங்கிறார். ஒண்ணுல ஷேர் இருக்கு, இன்னொண்ணுல இல்லை. அது எப்படி ஒண்ணாகும்? எக்ஸ்பைரி அன்னிக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும்னு டேபிளோட சொல்லுங்க."*

தம்பி, உங்கள் நண்பர் பாதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. ஷேரை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புல் ஸ்பிரெட் போட்டால் உங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காது, நஷ்டம்தான் கூடும். காரணத்தை முதலில் ஷேர் இல்லாமல், நம்ம ஊர் அரிசியை வைத்துச் சொல்கிறேன்.

ஆரணியில் ஒரு அரிசி வியாபாரி குடோனில் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார், மூட்டை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை இறங்கினால் என்ன செய்வது என்று பயந்து ஒருவரிடம் சிறு தொகை கொடுத்து, "அடுத்த மாசம் விலை என்ன ஆனாலும், நான் கேட்டா 950க்கு நீ வாங்கிக்கணும்" என்று எழுதி வாங்குகிறார். அதுதான் புட் வாங்குவது. கொடுத்த தொகையை ஈடுகட்ட இன்னொருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, "1,050க்கு மேலே போனாலும் உனக்கு 1,050க்கே தரேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். அது கால் விற்பது. குடோனில் மூட்டை, கீழே 950ல் தரை, மேலே 1,050ல் கூரை. இதுதான் காலர்.

அதே தெருவில் இன்னொருவருக்குக் குடோன் கிடையாது, பணத்தை வங்கியில் போட்டு வைத்திருக்கிறார். "அடுத்த மாசம் 950க்கு எனக்கு மூட்டை தரணும்" என்ற உரிமையை அவர் காசு கொடுத்து வாங்குகிறார். அதாவது 950 கால். அவரும் 1,050க்கு ஒரு கால் விற்றுவிடுகிறார். விலை 950க்குக் கீழே போனால் உரிமையைக் கிழித்துப் போட்டுவிடுவார், வங்கிப் பணம் பத்திரமாக இருக்கும். விலை ஏறினால் 1,050 வரைதான் அவருக்கும் லாபம். இது புல் ஸ்பிரெட்.

மாதக் கடைசியில் இருவர் கணக்கையும் எடுத்துப் பார்த்தால் ஒரே தொகை வரும். ஒருவரிடம் சரக்கும் அதற்குக் காப்பும் இருந்தன, மற்றவரிடம் காசும் சரக்கு வாங்கும் உரிமையும் இருந்தன. ஆகவே காலருக்குச் சமமானது வெறும் ஸ்பிரெட் அல்ல, ஸ்பிரெட்டும் வங்கியில் இருக்கும் பணமும் சேர்ந்தது. உங்கள் நண்பர் அந்தப் பணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இனி உங்கள் ஷேருக்கு வருவோம். ஷேர் சரியாக 1,000 ரூபாய், எக்ஸ்பைரிக்கு ஒரு மாதம், லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் ஷேர், 500 என்று எடுத்துக்கொள்கிறேன். பிரீமியங்கள் நானே எடுத்துக்கொண்டவை, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தும்படி போட்டிருக்கிறேன். 950 புட் 9 ரூபாய், 1,050 கால் 12 ரூபாய், 950 கால் 64 ரூபாய். தரகுச் செலவு, எஸ்டிடி எதையும் சேர்க்கவில்லை.

காலரில் 9 கொடுத்து 12 வாங்குகிறீர்கள். 3 ரூபாய் கைக்கு வருகிறது. எக்ஸ்பைரி அன்று, இன்றைய 1,000 ரூபாயிலிருந்து ஒரு ஷேருக்கு என்ன ஆகும் என்பது இது:

| எக்ஸ்பைரி விலை | ஷேரில் | வாங்கிய 950 புட்டில் | விற்ற 1,050 காலில் | காலர் மொத்தம் |
|---|---|---|---|---|
| 850 | −150 | +91 | +12 | −47 |
| 950 | −50 | −9 | +12 | −47 |
| 1,000 | 0 | −9 | +12 | +3 |
| 1,050 | +50 | −9 | +12 | +53 |
| 1,150 | +150 | −9 | −88 | +53 |

850 வரியை மட்டும் விரித்துச் சொல்கிறேன், மற்றவை அதே வழிதான். ஷேரில் 150 போச்சு. 950க்கு விற்கும் உரிமை இருப்பதால் புட்டில் 100 வருகிறது, கொடுத்த 9 போக 91. விற்ற கால் மதிப்பில்லாமல் போவதால் வாங்கிய 12 முழுவதும் உங்களுடையது. கூட்டினால் 47 நஷ்டம். 500 ஷேருக்கு 23,500 ரூபாய். ஷேர் 850க்குப் பதிலாக 600க்கே போனாலும் அந்த 23,500தான். மேலே எவ்வளவு ஏறினாலும் 26,500க்கு மேல் கிடையாது.

இனி ஸ்பிரெட். 950 கால் 64க்கு வாங்கி 1,050 கால் 12க்கு விற்றால் செலவு 52. அதோடு 945 ரூபாயை வங்கியில் போடுகிறீர்கள். மாதக் கடைசியில் அது 950 ஆகிறது, வட்டி 5 ரூபாய், ஆண்டுக்கு ஆறே கால் சதவீதத்துக்குச் சற்று மேல். 52ஐயும் 945ஐயும் கூட்டினால் 997. காலரிலும் 1,000 ரூபாய் ஷேரில் 3 ரூபாய் திரும்பி வந்ததால் மாட்டியிருக்கும் பணம் அதே 997.

| எக்ஸ்பைரி விலை | வாங்கிய 950 காலில் | விற்ற 1,050 காலில் | ஸ்பிரெட் மட்டும் | வங்கி வட்டி | இரண்டும் சேர்த்து |
|---|---|---|---|---|---|
| 850 | −64 | +12 | −52 | +5 | −47 |
| 950 | −64 | +12 | −52 | +5 | −47 |
| 1,000 | −14 | +12 | −2 | +5 | +3 |
| 1,050 | +36 | +12 | +48 | +5 | +53 |
| 1,150 | +136 | −88 | +48 | +5 | +53 |

இரண்டு டேபிளின் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய்கூட மாறவில்லை. இது நான் எண்களைத் தேர்ந்தெடுத்ததால் வந்த பொருத்தம் மட்டுமல்ல. ஒரே ஸ்ட்ரைக்கில், அதாவது 950 போன்ற ஒரே ஒப்பந்த விலையில், கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால், ஷேர் விலையிலிருந்து அந்த ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பைக் கழித்தது வர வேண்டும். இங்கே 64ல் 9 போனால் 55, ஆயிரத்தில் 945 போனாலும் 55. இதைப் புட்–கால் சமன் என்பார்கள். சந்தையில் இது விலகினால் பெரிய ஆட்கள் உடனே புகுந்து அந்த இடைவெளியை எடுத்துவிடுவார்கள், அதனால் நீண்ட நேரம் விலகி நிற்காது.

உங்களுக்கு இதில் நேரடிப் பயன் ஒன்று உண்டு. 950 கால் பணத்துக்குள், அதாவது இப்போதே நிறைவேற்றினால் லாபம் தரும் இடத்தில், ஆழமாக இருப்பதால் அதில் வாங்குபவர் விற்பவர் குறைவு. திரையில் 61க்கு வாங்க ஆள், 67க்கு விற்க ஆள் என்று இடைவெளி விரிந்து கிடக்கும். 67க்கு வாங்கினால் லாட்டுக்கு 1,500 ரூபாய் சும்மா கொடுக்கிறீர்கள். ஒரு மாத வட்டியே 2,500தான். புட் விலையை எடுத்து மேலே சொன்ன கழித்தலைப் போட்டுப் பார்த்தால் நியாயமான விலை 64 என்று தெரிந்துவிடும், அங்கே லிமிட் ஆர்டர் வைத்துக் காத்திருக்கலாம். கணக்கில் ஏழெட்டு ரூபாய் இடித்தால் இடையில் டிவிடெண்ட் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 10 ரூபாய் டிவிடெண்ட் வரப்போகிறது என்றால் காலுக்கும் புட்டுக்கும் உள்ள வித்தியாசம் 55லிருந்து 45 பக்கம் இறங்கிவிடும். ஸ்பிரெட்காரருக்கு டிவிடெண்ட் கிடைக்காது என்பதற்காக விலையிலேயே அது கழிந்திருக்கும், ஷேர் வைத்திருப்பவருக்கு அது கையில் வரும்.

இப்போது நண்பரின் யோசனைப்படி, ஷேரையும் விற்காமல் ஸ்பிரெட்டும் போட்டால் என்ன ஆகும்? ஷேர் 850க்கு விழுந்தால் ஷேரில் 150, ஸ்பிரெட்டில் 52, ஆக 202 ரூபாய் நஷ்டம். 500 ஷேருக்கு ஒரு லட்சத்து ஓராயிரம். காலரில் அதே நாளில் 23,500. விழும் என்று பயந்து செய்த காரியம், ஏறும் என்று இரட்டைப் பந்தயம் கட்டியதாக ஆகிவிடும். ஸ்பிரெட் வேண்டுமென்றால் ஷேரை விற்று அந்தப் பணத்தை வங்கியில் போட்ட பிறகுதான் அது காலருக்குச் சமம். ஷேர் கையில் இல்லாமல், "அளவாக ஏறும்" என்ற எண்ணம் மட்டும் உள்ளவருக்கு ஸ்பிரெட் நல்ல வழி. உங்கள் நிலைமை அது இல்லை.

புட்டை வைத்தும் புல் ஸ்பிரெட் போடலாம். 1,050 புட் விற்று 950 புட் வாங்கினால் இந்த விலைகளில் சுமார் 47 ரூபாய் முதலிலேயே கைக்கு வரும். எக்ஸ்பைரி வடிவம் அதேதான், அதிக லாபமும் அந்த 47தான். அதில் மேலும் நுழைய வேண்டாம்.

மார்ஜின், அதாவது எக்ஸ்சேஞ்ச் பிணையாகக் கேட்கும் பணம், பற்றி உங்கள் நண்பர் சொன்னது உண்மை. ஸ்பிரெட்டில் நஷ்டத்துக்கு வரம்பு எக்ஸ்சேஞ்சுக்கே தெரியும், அதனால் குறைவாகக் கேட்பார்கள். காலரில் நீங்கள் விற்ற காலுக்கு எதிராக டீமேட்டில் ஷேர் சும்மா இருப்பதை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். புட் வாங்கி கால் விற்பது அவர்கள் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஃபியூச்சர் விற்றது போலத் தெரியும். ஐந்து லட்சம் மதிப்புள்ள லாட்டுக்கு லட்சம் ரூபாய் அளவில் மார்ஜின் கேட்கலாம், ஷேருக்கு ஷேர் மாறும். ஷேரையே பிளெட்ஜ், அதாவது அடமானம், வைத்து மார்ஜின் வாங்கலாம், அதன் மதிப்பில் ஒரு பகுதியை ஹேர்கட் என்று கழித்துக் கொடுப்பார்கள், ஆனாலும் ஒரு பங்கு ரொக்கமாக இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் ரொக்கம் கொஞ்சம் தயாராக வைத்திருங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பத்து நாளில் ஷேர் 1,050 தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேபிளைப் பார்த்து 53 ரூபாய் லாபம் என்று நினைப்பீர்கள். திரையில் சுமார் 27, 28தான் தெரியும். விற்ற காலுக்கு இன்னும் இருபது நாள் உயிர் இருக்கிறது, அதன் விலை 12லிருந்து 26 பக்கம் ஏறியிருக்கும், உங்கள் 950 புட் ஒரு ரூபாய்க்கு இறங்கியிருக்கும். அதோடு மார்ஜினும் கூடும். "எல்லாம் ஏறுது, எனக்கு மட்டும் நஷ்டம்" என்று பயந்து அந்த நேரத்தில் காலை வாங்கி மூடுபவர்கள் உண்டு. டேபிள் எக்ஸ்பைரிக்கு மட்டுமே. இடையில் எந்த நாளிலும் அது வளைந்த கோடாகத்தான் இருக்கும், நாள் குறையக் குறையத்தான் டேபிளுக்குள் வந்து உட்காரும்.

எக்ஸ்பைரி நாளுக்கு வருகிறேன். 2019 அக்டோபரிலிருந்து தனி ஷேர் ஆப்ஷன்கள் எல்லாமே டெலிவரியில்தான் முடிகின்றன. என்எஸ்இயில் இப்போது மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி. அன்றைய இறுதி விலையில் பணத்துக்குள் இருக்கும் ஆப்ஷன் தானாகவே நிறைவேறும், உங்களைக் கேட்க மாட்டார்கள். நம் ஊர் ஆப்ஷன்கள் எக்ஸ்பைரி அன்று மட்டுமே நிறைவேறும் வகை என்பதால் அதற்கு முன் யாரும் உங்கள் ஷேரைக் கேட்டு வர முடியாது, அது ஒரு நிம்மதி.

ஸ்பிரெட்டில் நான் ஒருமுறை மாட்டினேன். விலை 1,050க்கு மேலே முடிந்தால் ஒரு கால் ஷேர் வாங்கித் தரும், மறு கால் அதையே கேட்கும், இரண்டும் தட்டிக் கழிந்துவிடும். 950க்குக் கீழே முடிந்தால் இரண்டும் செத்துவிடும். நடுவில் முடிந்தால்தான் கண்டம். இதே கணக்கில் 1,000 ரூபாயில் முடிந்ததென்றால் 950 கால் மட்டும் நிறைவேறும், நீங்கள் 4,75,000 ரூபாய் கட்டி 500 ஷேரை எடுத்தாக வேண்டும். நான் "நஷ்டம் ரெண்டு ரூபாய்தானே, தானா முடியட்டும்" என்று விட்டுவிட்டேன். மாலையில் தரகரிடமிருந்து போன் வந்தது. மறுநாள் காலையில் சத்துவாச்சாரியில் வங்கி திறக்கும் முன் வாசலில் நின்று, வைப்புத் தொகையை உடைத்துப் பணம் கட்டினேன். எடுத்த ஷேர் அடுத்த நாளே இறங்கியது. வாங்கிய கால் பணத்துக்குள் இருந்தால் கடைசி நான்கு வர்த்தக நாட்களில் டெலிவரி மார்ஜின் படிப்படியாக ஏறும். அது ஏறத் தொடங்குவதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு முந்தைய வாரமே மூடியிருக்க வேண்டும்.

காலரில் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். விலை 950க்குக் கீழே முடிந்தால் உங்கள் புட் நிறைவேறி, அப்பா வாங்கிய ஷேர் 950க்கு விற்றுப் போய்விடும். ஷேர் வேண்டுமென்றால் புட்டை எக்ஸ்பைரிக்கு முன் விற்று அந்த லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விலை 1,150ல் முடிந்தால் நீங்கள் ஷேரை 1,050க்குக் கொடுத்தாக வேண்டும். அப்போது ஷேர் பிளெட்ஜில் கிடந்து நேரத்துக்கு விடுபடாமல் போனால் ஏலத்துக்குப் போய்விடும், ஏல விலை உங்கள் தலையில் விழும். டெலிவரி கொடுக்கும் எண்ணம் இருந்தால் எத்தனை நாள் முன்பு பிளெட்ஜை விடுவிக்க வேண்டும் என்று தரகரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

வரி பற்றியும் உங்கள் விஷயத்தில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டேபிளில் அது தெரியாது. வாரிசாக வந்த ஷேருக்கு அப்பா கொடுத்த விலையும் அவர் வாங்கிய தேதியும்தான் உங்களுக்கும். 200 ரூபாய் ஷேரை 1,050க்குக் கொடுத்தால் லாபம் ஷேருக்கு 850, மொத்தம் 4,25,000. நீண்டகால மூலதன ஆதாயத்தில் அந்த ஆண்டின் 1,25,000 விலக்கு போக மூன்று லட்சத்துக்கு 12.5 சதவீதம், 37,500 ரூபாய் வரி, செஸ் தனி. காலரில் வரக்கூடிய அதிகபட்ச லாபமே 26,500தான். அதாவது விலை நன்றாக ஏறி, ஷேரையும் கொடுக்க நேர்ந்தால், காலர் தந்த லாபத்தைவிட வரி அதிகமாகிவிடுகிறது. (அந்த வரி என்றைக்கு விற்றாலும் வரத்தான் போகிறது, ஆனால் இந்த ஆண்டே கட்ட நீங்கள் திட்டமிடவில்லை.) ஷேரைக் கொடுக்காமல் காலைத் திருப்பி வாங்கி மூடினால் 100 ரூபாய் கொடுத்து, முன்பு வாங்கிய 12 போக, 88 வீதம் 44,000 ரூபாய் ரொக்கமாகப் போகும். ஷேரில் ஏறிய 75,000 காகிதத்தில் மட்டும் இருக்கும். ஆப்ஷன் லாப நஷ்டம் வியாபாரக் கணக்கில் வரும், ஐடிஆர்-3 போட வேண்டும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தோடு கழிக்க முடியாது.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இதுதான். விற்க மனசில்லை என்பது உறுதியானால், காலர் போடும்போது மேல் ஸ்ட்ரைக்கை 1,050ல் வைக்காமல் 1,100 பக்கம் தள்ளுங்கள். அந்தக் கால் இரண்டு மூன்று ரூபாய்க்குத்தான் போகும், ஆகவே புட்டுக்கான 9ல் ஆறேழு ரூபாய் கையிலிருந்து போகும். 500 ஷேருக்கு 3,500க்குள் அடங்கும். கூரை உயரமாக இருப்பதால் ஷேர் கையை விட்டுப் போகும் வாய்ப்பு நன்றாகக் குறையும். விலை சட்டென ஏறினால் காலைத் திருப்பி வாங்க ஐம்பதாயிரம் ரொக்கம் தனியாக இருக்கட்டும். போடுவதற்கு முந்தைய நாள் அந்த ஷேரின் லாட் அளவையும் ஒருமுறை பாருங்கள், எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது அதை மாற்றும். லாட் 550 ஆகியிருந்தால் 50 ஷேருக்கு நீங்கள் காப்பில்லாமல் கால் விற்றவர் ஆகிவிடுவீர்கள். எக்ஸ்பைரி வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, விலை 950க்கும் மேல் ஸ்ட்ரைக்குக்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் இருக்கும் காலையோ புட்டையோ அன்றே மூடிவிடுங்கள்.